விஆர் ஹெட்செட்டுக்கு எந்தக் கணினி? 11 மில்லி செகண்ட் கணக்கு

"ஐ7 பிராசஸர் இருக்கு, 16 ஜிபி ரேம் இருக்கு, விஆருக்குப் போதுமா?" ஹெட்செட் வாங்க நினைக்கும் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு படத்தை வரைந்து முடிக்க உங்கள் கணினிக்கு எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதுதான் ஹெட்செட்டுக்குத் தெரிய வேண்டிய விஷயம். மற்றதெல்லாம் அந்த ஒரு எண்ணைக் குறைப்பதற்கான வழிகள்.

90 ஹெர்ட்ஸில் ஓடும் ஹெட்செட் நொடிக்கு 90 முறை புதுப் படம் கேட்கும். ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லி செகண்ட். அதற்குள் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்து கொடுத்துவிட வேண்டும். 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9 கிடைக்கும், 120 என்றால் 8.3 தான். நேரம் தவறினால் ஹெட்செட் காத்திருக்காது. கையில் இருக்கும் பழைய படத்தையே இன்னொரு முறை காட்டிவிட்டு, அடுத்த முறைக்குப் போய்விடும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் சில வருடம் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது: ஐ5-9400எஃப் பிராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. வாங்க நினைப்பது மெட்டா குவெஸ்ட் 3 அல்லது பிளேஸ்டேஷன் விஆர்2. கார்டை மட்டும் மாற்றலாமா, கேமிங் லேப்டாப் வாங்கலாமா, புது டெஸ்க்டாப்பே கட்டலாமா? இல்லை, கணினியே வேண்டாமா?

ஒரு படம் தவறினால் உடம்புக்கு என்ன

தலையைத் திருப்பும்போது கண்கள் தாமாகவே எதிர்த்திசையில் நகர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும் பொருளை விடாமல் பிடித்துக்கொள்ளும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு தலையின் சுழற்சியை உணர்ந்து கண் தசைகளை இயக்கும் அனிச்சைச் செயல் இது. உடம்பில் இருக்கும் மிக வேகமான அனிச்சைகளில் ஒன்று, சுமார் 10 மில்லி செகண்டில் நடந்துவிடும். ஹெட்செட் ஏமாற்ற வேண்டியது இதைத்தான்.

பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டால் சாதாரணமாகத் திரும்புகிறோம் அல்லவா, அதை நொடிக்கு 100 டிகிரி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11.1 மில்லி செகண்டில் தலை 1.1 டிகிரி திரும்பியிருக்கும். குவெஸ்ட் 3-இல் ஒரு டிகிரிக்குச் சுமார் 25 பிக்சல் இருக்கிறது. ஆக, ஒரு படம் தவறினால் எதிரே இருக்கும் சுவர் தன் இடத்திலிருந்து 28 பிக்சல் தள்ளி நிற்கும், அடுத்த படத்தில் சட்டென்று இடத்துக்கு வந்துவிடும். கண் அது அசையாது என்று நம்பி நகர்ந்திருக்கிறது, சுவரோ அசைந்துவிட்டது. எப்போதாவது ஒரு முறை நடந்தால் கவனிக்கக்கூட மாட்டீர்கள். திரும்பத் திரும்ப நடந்தால் உலகமே லேசாக நடுங்குவது போல் இருக்கும். முதலில் கொட்டாவி வரும், வாயில் எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும். வயிறு கடைசியில்தான் பேசும். கொட்டாவியிலேயே கழற்றிவிடுவது நல்லது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்படி ஆடியவர்களுக்கு அடுத்த முறை ஹெட்செட்டைக் கையில் எடுக்கும்போதே குமட்ட ஆரம்பித்துவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே போனால் வயிற்றைப் புரட்டும், காரணம் உடம்பு அசைவதை உணர்கிறது, கண்ணுக்கு அசைவு தெரியவில்லை. விஆரில் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி நடக்கும்போது நடப்பது இதன் தலைகீழ்: கண் நடக்கிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. இந்த வகைக் குமட்டலுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் மருந்தாகாது. நடப்பதற்குப் பதில் இடம் விட்டு இடம் தாவும் முறையையும், 30 டிகிரி, 45 டிகிரி என்று வெட்டி வெட்டித் திரும்பும் முறையையும் கேம்களில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அதனால் காசு செலவழிக்கும் முன் எது காரணம் என்று பாருங்கள். குச்சியைத் தொடாமல் நின்ற இடத்தில் நின்று, தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். அப்போதும் தலை சுற்றினால் பிரேம் தவறுகிறது, அல்லது ஹெட்செட் உங்கள் அசைவைச் சரியாகப் பின்தொடரவில்லை, அல்லது லென்ஸ்களின் இடைவெளி உங்கள் கண்களுக்குப் பொருந்தவில்லை. குச்சியைத் தள்ளினால் மட்டும்தான் சுற்றுகிறது என்றால் கணினி மேல் பழி போடாதீர்கள்.

"குறைந்தபட்சத் தேவை" என்று போட்டிருப்பதன் கதை

2016-இல் ஓக்குலஸ் ரிஃப்ட்டும் எச்டிசி வைவும் வந்தபோது இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே கணினியைக் கேட்டன: ஜிடிஎக்ஸ் 970 கார்டு, ஐ5-4590 பிராசஸர். 90 படமும் உண்மையாகவே வரையப்பட வேண்டும் என்பது அன்றைய எண்ணம். அதே வருடக் கடைசியில் இன்றைய மெட்டாவின் ஓக்குலஸ் ஏஎஸ்டபிள்யூ என்ற உத்தியைக் கொண்டுவந்தது. கணினி நொடிக்கு 45 படம் வரைந்தால் போதும், நடுவில் வர வேண்டிய 45 படத்தை முந்தைய படங்களின் அசைவை வைத்து மென்பொருளே ஊகித்துச் செய்துகொள்ளும். உடனே குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 960-க்கு இறங்கியது. ஸ்டீம்விஆரும் பின்னால் `Motion Smoothing` என்று அதே மாதிரி ஒன்றைச் சேர்த்தது.

பெட்டியில் "குறைந்தபட்சம்" என்று போட்டிருப்பதை நான் இன்றைக்கும் இந்தக் கண்ணோடுதான் படிப்பேன். அந்தக் கணினியில் கேம் ஓடும், ஆனால் பாதிப் படம் நிஜம், பாதிப் படம் ஊகம் என்று ஆவதற்கு எப்போதும் வாய்ப்பு உண்டு.

ஊகம் மோசமானதா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தலையைத் திருப்பும் அசைவை ஹெட்செட் கடைசி நொடியில் படத்தை நகர்த்தியே சரிசெய்துவிடும். மேலே சொன்ன 28 பிக்சல் தாவலில் பெரும்பகுதி இதில் மறைந்துவிடுகிறது. மறையாதது இரண்டு. ஒன்று, தலை திரும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்தால் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் வெவ்வேறு அளவு நகர வேண்டும். வெறுமனே படத்தைத் தள்ளினால் அது கிடைக்காது. இன்னொன்று, தானாக அசையும் பொருட்கள்: உங்கள் கை, எதிரியின் உடல், பறந்து வரும் பந்து. இவற்றின் அசைவை ஏஎஸ்டபிள்யூ ஊகிக்கப் பார்க்கும், ஊகம் தப்பும் இடத்தில் படம் கசியும்.

நீங்களே பார்க்கலாம். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கையை முகத்துக்கு முன்னால் விரித்து, பின்னால் கம்பி வேலியோ ஜன்னல் சட்டமோ தெரிகிற மாதிரி நின்று, கையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். விரல் ஓரங்களைச் சுற்றி வேலிக் கம்பிகள் தண்ணீரில் நெளிவது போல் நெளிந்தால் ஊகப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. நெளியாமல் கை இரண்டு கையாகத் தெரிந்தால், ஊகமும் இல்லை, ஒரே படம் இரண்டு முறை காட்டப்படுகிறது. கண் கையைத் தொடர்ந்து நகர்கிறது, படம் நகரவில்லை, அதனால் விழித்திரையில் இரண்டு இடத்தில் விழுகிறது. ஒற்றைக் கை, தெளிவான வேலி என்றால் பிரேம் சரியாக வருகிறது. எந்த அளவுகோலும் இல்லாமல் செய்யக்கூடிய நல்ல சோதனை இது.

பீட் சேபர் மாதிரி கை வேகமே ஆட்டமாக இருக்கும் கேமில் ஊகப் படம் எரிச்சலாக இருக்கும். விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு போகும்போது பலர் அதை வேண்டுமென்றே போட்டுக்கொள்வார்கள், காக்பிட் சட்டத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் நெளியும். ஆக, எந்தக் கேம் என்று தெரியாமல் எந்தக் கணினி என்று சொல்ல முடியாது.

சராசரி 80, கைக்குக் கிடைப்பது 45

பெஞ்ச்மார்க் வீடியோக்களைப் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு கேமில் ஒரு படத்துக்குக் கார்டு 12.5 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மானிட்டரில் பார்த்தால் நொடிக்கு 80 பிரேம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே கார்டில் 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டை மாட்டினால் ஒவ்வொரு படமும் 1.4 மில்லி செகண்டில் ரயிலைத் தவறவிடுகிறது. ஊக உத்தி தானாக இறங்கி 45-க்குப் பூட்டிவிடும். 80 வரைய முடிந்த கார்டு, 45 வரைகிறது.

ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். இப்போது நேரம் 13.9. அதே 12.5 உள்ளே அடங்கிவிட்டது. 72 படமும் நிஜம். ஒரு ரூபாய் செலவில்லை. குவெஸ்ட் 3-இல் 72, 80, 90, 120 என்று நான்கும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் இந்த வழி இருக்கிறது. தடுமாறும் 90-ஐ விட மாறாத 72 எனக்கு எப்போதும் மேல். கூர்மையான கண் உள்ள சிலருக்கு 72-இல் வெளிச்சமான காட்சிகளில் லேசான மினுமினுப்பு தெரியும், அவர்களுக்கு 80 நல்ல சமரசம்.

12.5 மில்லி செகண்டும் உண்மையில் சராசரிதான். எதிரே வெடிகுண்டு வெடித்துப் புகை கிளம்பும் காட்சியில் அதுவே 15 ஆகலாம். ஹெட்செட்டின் மென்பொருளுக்கும் லென்ஸ் வளைவைச் சரிசெய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதனால் சாதாரணக் காட்சியில் 90 ஹெர்ட்ஸுக்கு 9, 9.5 என்றும், 72 ஹெர்ட்ஸுக்கு 11.5, 12 என்றும் இருக்குமாறு வைத்துக்கொள்வது என் வழக்கம். கார்டு வாங்குவது சராசரிப் படத்துக்காக இல்லை, மோசமான படத்துக்காக.

இதை அளக்க ஸ்டீம்விஆர் அமைப்புகளிலேயே `Advanced Frame Timing` என்ற வரைபடம் இருக்கிறது. சிபியு நேரம், ஜிபியு நேரம் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். ஸ்டீமில் விற்கும் `fpsVR` அதையே ஹெட்செட்டுக்குள் கண் எதிரில் மிதக்கவிடும். மெட்டாவின் சொந்த மென்பொருளில் ஆடுபவர்கள் விசைப்பலகையில் `Ctrl` உடன் எண்பலகையின் `1` அழுத்தினால் ஏஎஸ்டபிள்யூ நின்றுவிடும், `4` அழுத்தினால் திரும்பத் தானியங்கிக்கு வந்துவிடும். ஊகத்தை நிறுத்தினால்தான் உங்கள் கார்டின் உண்மையான நிலை தெரியும்.

எத்தனை பிக்சல் வரைய வேண்டும்

1080பி மானிட்டரில் 60 பிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 12 கோடி பிக்சல். 2016-இன் ரிஃப்ட் 23 கோடி கேட்டது. குவெஸ்ட் 3-இன் திரை ஒரு கண்ணுக்கு 2064 × 2208, இரண்டுக்கும் சேர்த்து 91 லட்சம் பிக்சல், 90 ஹெர்ட்ஸில் நொடிக்கு 82 கோடி. இதுகூடக் கீழ்க்கணக்கு. லென்ஸ் படத்தை வளைப்பதால், அதை எதிர்வளைவு செய்து அனுப்ப வேண்டும். அப்படிச் செய்யும்போது நடுப்பகுதி விரிந்து மங்கிவிடாமல் இருக்கத் திரையை விடப் பெரிதாக வரைந்துகொள்வது வழக்கம். ஒவ்வொரு பக்கமும் 1.4 மடங்கு என்று வைத்தால் பிக்சல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

மலைத்துப்போக வேண்டாம், ரெசல்யூஷன் உங்கள் கையில் இருக்கிறது. ஸ்டீம்விஆரில் இருக்கும் ரெசல்யூஷன் சறுக்குப்பட்டை மொத்தப் பிக்சல் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 100-இல் 14 மில்லி செகண்ட் ஆனால், 70-இல் ஏறத்தாழ 10 ஆகும். அச்சுப் பிசகாமல் அந்த விகிதத்தில் குறையாது, நிழல், உருவங்களின் அசைவு போன்ற வேலைகள் பிக்சலைப் பொறுத்தவை அல்ல. ஆனாலும் முதலில் தொட வேண்டிய அமைப்பு இதுதான். ஒரு நேரத்தில் ஐந்து அமைப்பை மாற்றிவிட்டு எது உதவியது என்று தெரியாமல் விழிப்பதை விட, இதை மட்டும் பத்துப் பத்தாக இறக்கிப் பாருங்கள்.

நான்கு வழிகள்

பழைய டெஸ்க்டாப்பில் கார்டை மட்டும் மாற்றுவதைத்தான் நான் முதலில் பரிசீலிப்பேன். 1660 சூப்பரை அப்படியே வைத்துக்கொண்டும் 72 ஹெர்ட்ஸில், ரெசல்யூஷனை இறக்கி, இலேசான கேம்கள் ஆடலாம். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் 2020-இல் வந்தபோது கேட்ட குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 1060, 12 ஜிபி ரேம்தான், பாரத்தைப் பார்த்து அந்தக் கேமே தன் ரெசல்யூஷனைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆனால் குவெஸ்ட் 3-இன் லென்ஸ் கொடுக்கும் தெளிவை 1660-ஆல் நிரப்ப முடியாது. ஆர்டிஎக்ஸ் 4060-க்குப் போனால் பெரிய மாற்றம் தெரியும்.

இந்த மாற்றத்தில் பார்க்க வேண்டிய சில்லறை விஷயங்கள்தான் கடைசியில் காலை வாரும். 4060 வெறும் 115 வாட் இழுக்கும், நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தால் போதும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் 3060 டிஐ 200 வாட் கார்டு, பழைய பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் அதை மாட்டினால் கேம் நடுவில் கணினி அணைந்துபோகும். இன்னொன்று, 4060 கார்டுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் எட்டுப் பாதைதான். 9400எஃப் காலத்து மதர்போர்டில் அது மூன்றாம் தலைமுறை வேகத்தில் ஓடும். சாதாரணமாக இழப்பு சிறிதுதான். ஆனால் 8 ஜிபி கார்டு நினைவகம் நிரம்பி வழிந்து, கணினியின் ரேமிலிருந்து எடுக்க ஆரம்பித்தால் அந்தக் குறுகிய பாதையில் நெரிசல் ஆகி, படம் கொத்துக் கொத்தாகத் தவறும். கேமில் டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி இறக்கினால் இது நின்றுவிடும்.

பிராசஸர் பழையது அல்லவா என்று கேட்பீர்கள். பெரும்பாலான விஆர் கேம்களுக்கு 9400எஃப்-இன் ஆறு கோர் போதும். வரைபடத்தில் சிபியு நேரம் 11-க்குக் கீழே இருக்கிற வரை அதைத் தொட வேண்டியதில்லை. விதிவிலக்கு சிமுலேட்டர்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் பெரிய நகரத்தின் மேல் பறந்தால் ஒற்றைக் கோர் மூச்சு முட்டும், அங்கே ஜிபியு காத்துக்கொண்டிருக்கும். ரெசல்யூஷனை இறக்கியும் பிரேம் ஏறவில்லை என்றால் சந்தேகமில்லாமல் பிராசஸர்தான்.

லேப்டாப் விஷயத்தில் எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு, சொல்லிவிடுகிறேன்: விஆருக்காக மட்டும் லேப்டாப் வாங்காதீர்கள். படிப்புக்கோ வேலைக்கோ எப்படியும் லேப்டாப் வேண்டும் என்றால் சரி. காரணம் பெயர்க் குழப்பம். லேப்டாப் 4060-உம் டெஸ்க்டாப் 4060-உம் ஒரே எண்ணிக்கை கோர் கொண்டவை, ஆனால் லேப்டாப் தயாரிப்பவர் அதை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மெல்லிய லேப்டாப்பில் கீழ்ப்பக்கம், தடித்த லேப்டாப்பில் மேல்பக்கம். 4070 என்றால் இன்னும் மோசம்: டெஸ்க்டாப்பில் 5888 கோர், 12 ஜிபி. லேப்டாப்பில் 4608 கோர், 8 ஜிபி. பெயர் ஒன்று, சிப் வேறு. 5070-இலும் இதே கதைதான், டெஸ்க்டாப்பில் 12, லேப்டாப்பில் 8. கடையில் கேட்க வேண்டியது "எந்தக் கார்டு" என்று இல்லை, "எத்தனை வாட்" என்று. விற்பவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்த மாடலுக்கு நேரே போட்டிருப்பார்கள்.

அப்புறம் சூடு. லேப்டாப்பில் முதல் பத்து நிமிடம் ஆடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூடு ஏறியதும் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 10 மில்லி செகண்டில் ஓடிய காட்சி அரை மணி கழித்து 12-க்குப் போய்விடும், சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால் இன்னும் சீக்கிரம். ஆரம்பத்தில் நன்றாக இருந்து, போகப் போகத் தலை சுற்றுகிறது என்று சொல்பவர்களில் சிலருக்குக் காரணம் உடம்பு இல்லை, மின்விசிறி.

விளையாட்டைப் பார்த்தே தேர்வு செய்பவர்களுக்கு, அதாவது விமானம், கார் பந்தயம் என்று சிமுலேட்டரில் மூழ்கப்போகிறவர்களுக்கு மட்டும் புது டெஸ்க்டாப் என்று சொல்வேன். அங்கே 12 ஜிபி கார்டு, 32 ஜிபி ரேம், கூடவே ரைசன் 7 7800எக்ஸ்3டி போல் பெரிய கேஷ் கொண்ட பிராசஸர் மூன்றுக்கும் வேலை இருக்கிறது. மற்றவர்கள் அந்தப் பணத்தின் பாதியை மிச்சப்படுத்தலாம்.

கணினியே வேண்டாம் என்பதும் மரியாதையான பதில்தான். குவெஸ்ட் 3 தனியாகவே இயங்கும். அதில் ஓடும் கேம்கள் அந்த ஒரே சிப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், பல சுமாரான கணினிகளை விடப் பிரேம் சீராக வரும். பீட் சேபரும் உடற்பயிற்சிக் கேம்களும்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் ஹெட்செட்டை வாங்கி ஒரு மாதம் தனியாக ஆடிவிட்டு, குறை தெரிந்தால் அப்போது கணினியைப் பற்றி யோசியுங்கள். ஹெட்செட் கையில் இருந்தால் அளந்து வாங்கலாம்.

ஒயர் எது என்பதும் கணக்கில் வரும்

குவெஸ்ட் 3-க்கு வீடியோ உள்ளீடு கிடையாது. யுஎஸ்பி கேபிளில் மாட்டினாலும், வைஃபையில் ஆடினாலும், கணினி ஒவ்வொரு படத்தையும் வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்செட் விரித்துக் காட்டுகிறது. இந்தச் சுருக்கி விரிப்பதில் தாமதம் கூடும், கார்டுக்கும் கொஞ்சம் வேலை கூடும். தலை திரும்பும் அசைவை ஹெட்செட்டே கடைசியில் சரிசெய்துகொள்வதால் குமட்டல் அவ்வளவாக வராது. ஆனால் சட்டென்று திரும்பினால் பார்வை ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப்பார்க்கும். அது கார்டின் குற்றம் இல்லை, படம் வந்து சேரத் தாமதம். வைஃபை என்றால் கணினியை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்துவிட்டு, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸில் ஆட வேண்டும். கணினியும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபை என்றால் எந்தக் கார்டு வாங்கியும் பயனில்லை. 40 வரிசை கார்டுகளில் ஏவி1 முறையில் சுருக்கும் வசதி இருக்கிறது, குவெஸ்ட் 3 அதை விரிக்கும், அதே அளவு டேட்டாவில் படம் கொஞ்சம் தெளிவாக வரும்.

பிளேஸ்டேஷன் விஆர்2-வைக் கணினியோடு இணைக்கும் அடாப்டர் 2024 ஆகஸ்டில் வந்தது. அது நேரடி வீடியோ, சுருக்கம் இல்லை. ஆனால் கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேண்டும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பில் மாட்ட முடியாது. யுஎஸ்பி-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் வரும் லேப்டாப்களிலும் சிலவற்றில் அந்தத் துளை தனிக் கார்டோடு இணையாமல், பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸோடு இணைந்திருக்கும், அதுவும் ஆகாது. இன்னொரு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை: இதில் 90, 120 என்று இரண்டே வேகம். 72 இல்லை. மேலே பார்த்த 12.5 மில்லி செகண்ட் கணினிக்கு இதில் தப்பிக்கும் வழி ரெசல்யூஷனை இறக்குவது, அல்லது 120-இல் வைத்து 60 நிஜப் படத்தை இரண்டிரண்டு முறை காட்டி ஓட்டுவது. அது 45-ஐ விட மென்மையாக இருக்கும், கையை ஆட்டினால் இரட்டை உருவம் மட்டும் தெரியும்.

அதனால் நாம் எடுத்துக்கொண்ட பழைய டெஸ்க்டாப்புக்கு என் தேர்வு குவெஸ்ட் 3, 4060 கார்டு, 72 அல்லது 80 ஹெர்ட்ஸ், கணினியிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள். ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 5-உம் அதன் ஹெட்செட்டும் வீட்டில் இருந்தால் அடாப்டரை வாங்கிப் பார்ப்பது மலிவு. செகண்ட் ஹேண்டில் ஆசை காட்டும் எச்பி ரிவெர்ப் ஜி2 போன்ற விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்களை மட்டும் விலையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அவற்றுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது, விற்பவர் பழைய விண்டோஸில் போட்டுக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்.